பட்டியல் போட்டால் வாதம் ஆகிவிடுமா?

இந்த வசனத்தை ஒருக்கா வாசியுங்கோ.

"எமது கிராமத்து வாசிகசாலையின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் கைத்தொலைபேசி, இளைஞர்கள் வாசிப்பதில்லை, நிர்வாகத்தின் அசமந்தப்போக்கு மற்றும் பத்திரிகைகள் வாங்கப் பணம் போதாமல் இருக்கிறது."

இது நாங்களாகக் கட்டிய வசனம். ஆனால் இதன் அண்ணன் தம்பிமாரை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். பாடசாலைக் கட்டுரைகளில், நினைவு மலர்களில், முகநூல் பதிவுகளில், பல்கலைக்கழக ஆய்வறிக்கைகளில், எங்களுக்கு அனுப்பப்படுகிற கட்டுரைகளில் இதே குடும்பம்தான் குடியிருக்கிறது. நான்கு விடயங்கள், நான்கும் நான்கு வடிவத்தில். முதலாவது ஒரு பொருளின் பெயர். இரண்டாவது ஒரு முழு வசனம். மூன்றாவது ஒரு பெயர்த்தொடர். நாலாவது இன்னொரு முழு வசனம். இடையில் ஒரு "மற்றும்". இவ்வளவும் சேர்ந்தால் பட்டியல் என்று பெயர்.

இதைச் சுட்டிக்காட்டினால் உடனே வருகிற பதில் ஒன்று இருக்கிறது. "கருத்து விளங்குது தானே? பிறகென்ன இலக்கணம் பிடிக்கிறியள்?"

எங்களுடைய பதில்: விளங்கவில்லை. வாசிக்கிற உங்களுக்கும் விளங்கவில்லை, எழுதினவருக்கும் விளங்கியிருக்கவில்லை. விளங்கினது மாதிரி ஒரு உணர்வு மட்டும்தான் வந்தது. ஒரு பட்டியலில் உள்ளவை ஒரே வடிவத்தில் நிற்கவேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அழகுக்காக இல்லை. வடிவம் குழம்பிய இடத்தில் பெரும்பாலும் யோசனையும் குழம்பித்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு எங்களிடம் இருக்கிற மலிவான கருவி இதுதான்.

சும்மா சொல்லாமல் செய்தே காட்டுவம்.

மேலே உள்ள நான்கையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவம். எங்கட எழுத்துத் தமிழில் காரணங்களை அடுக்குவதற்குத் தோதான ஒரு வடிவம் "மை" என்று முடிகிற பெயர்: செய்தமை, செய்யாமை. அதையே எடுப்பம்.

"கைத்தொலைபேசி" என்பதை இந்த வடிவத்துக்குள் போடப் போனால் முதலாவது சிக்கல் வருகிறது. கைத்தொலைபேசி ஒரு பொருள். ஒரு பொருள் சும்மா மேசையில் கிடந்து வாசிகசாலையை மூடாது. யாரோ அதை வைத்து என்னவோ செய்திருக்கவேண்டும். ஆகவே எழுதுகிறவர் இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவர் சொல்ல வந்தது "இளைஞர்கள் செய்திகளைக் கைத்தொலைபேசியில் வாசிக்கத் தொடங்கியமை" என்பது என்று வைத்துக்கொள்வம்.

அடுத்தது "இளைஞர்கள் வாசிப்பதில்லை". இது "இளைஞர்கள் வாசிக்காமை" என்று மாறும். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. இளைஞர்கள் கைத்தொலைபேசியில் வாசிக்கத் தொடங்கியமை ஒரு காரணம். இளைஞர்கள் வாசிக்காமை இன்னொரு காரணம். ஒன்றை ஒன்று வெட்டுகிறது. முதல் வசனத்தில் இந்த முரண் எங்கே இருந்தது? அங்கேயேதான் இருந்தது. ஒன்று பெயராகவும் மற்றது வசனமாகவும் நின்றபடியால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லை. ஒரே சட்டை போட்டு வரிசையில் நிறுத்தியவுடனே முட்டிக்கொண்டன.

சரி, "வாசிகசாலைக்கு வருவதில்லை என்பதைத்தான் சொல்ல வந்தனான்" என்று எழுதினவர் சொல்லலாம். அப்படியெண்டால் அது "இளைஞர்கள் வாசிகசாலைக்கு வராமை". ஆனால் ஆக்கள் வராமல் விட்டதைத்தானே நாங்கள் வீழ்ச்சி என்று சொல்லுகிறோம்? வீழ்ச்சிக்குக் காரணம் வீழ்ச்சி என்று எழுதியிருக்கிறோம். ஆகவே இரண்டாவதை எடுத்து வெளியில் போடவேண்டியதுதான்.

மூன்றாவது "நிர்வாகத்தின் அசமந்தப்போக்கு". மற்றவை எல்லாம் யார் என்ன செய்தார்கள், செய்யவில்லை என்று பேசும்போது இது மட்டும் ஒரு குணத்தைச் சொல்லிவிட்டு நழுவுகிறது. நிர்வாகம் எதைச் செய்யவில்லை? ஊரில் நாலு பேரிடம் விசாரித்தால் நிர்வாகம் பொதுக்கூட்டத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறது என்று தெரியவருகிறது எண்டு வைப்பம். அப்ப அது "நிர்வாகம் பொதுக்கூட்டத்தைக் கூட்டாமை". நாலாவது இலகு: "பத்திரிகை வாங்கப் பணம் போதாமை".

இப்போது மிச்சம் மூன்று. கைத்தொலைபேசியில் வாசிக்கத் தொடங்கியமை, பொதுக்கூட்டத்தைக் கூட்டாமை, பணம் போதாமை. மூன்றும் ஒரே வடிவம். இலக்கணப்படி வேலை முடிந்தது. ஆனால் இப்பதான் உண்மையான கேள்வி தெரிகிறது: இவை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மூன்று காரணங்களா, அல்லது ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருகிறவையா? கூட்டம் நடக்கவில்லை. கூட்டம் நடக்காததால் சந்தா சேரவில்லை. சந்தா சேராததால் பத்திரிகை நின்றது. பத்திரிகை நின்ற பிறகுதான் பெடியள் செய்தியைக் கைத்தொலைபேசியில் தேடப் போனார்கள். பட்டியலில் முதலாவதாக நின்ற கைத்தொலைபேசி கடைசியில் வரவேண்டியது. காரணமாக நின்றது விளைவு. உண்மையில் இது பட்டியலே இல்லை, ஒரு சங்கிலி. அதைப் பட்டியலாக எழுதினது முதல் பிழை.

ஒரு ஊரில் கதை இப்படி இருக்கலாம், இன்னொரு ஊரில் வேறு மாதிரி இருக்கலாம். நாங்கள் சொல்ல வருவது அதுவல்ல. கூட்டம் கூட்டாத நிர்வாகம் ஒன்று இருந்திருக்க, பழியைக் கைத்தொலைபேசி மேலும் இளைஞர் மேலும் போட்டுவிட்டுப் போக அந்த முதல் வசனம் இடங்கொடுத்தது. அதுவும் ஒரு இளைஞரே எழுதின கட்டுரையில்! வடிவக் குழப்பம் யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கோ.

*

ஆங்கில இலக்கணப் புத்தகங்களிலும் இதைப்பற்றிப் பாடம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தமிழுக்கும் அதே விதி என்று நினைக்கிறார்கள். நோக்கம் ஒன்றுதான், ஆனால் பிழை பிடிபடுகிற இடம் வேறு.

ஆங்கிலத்தில் பட்டியலைத் தாங்குகிற சொல் பெரும்பாலும் முன்னுக்கு வந்துவிடும். தமிழில் அது கடைசியில் வருகிறது. வினை கடைசியில், வேற்றுமை உருபு சொல்லின் கடைசியில், "ஆகியவற்றை" என்பதும் கடைசியில். சுவரில் அடித்த ஒரு ஆணி மாதிரி அந்தக் கடைசிச் சொல். அதற்கு முன்னால் வருகிற ஒவ்வொன்றும் அந்த ஆணியில் கொளுவுப்பட வேண்டும். எழுதிக்கொண்டு போகும்போது ஆணி இன்னும் அடிக்கப்படவில்லை; ஆகவே என்னத்தைக் கொளுவப்போகிறோம் என்று யோசிக்காமலே சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டு போகலாம். கடைசியில் ஆணியை அடித்ததும், ஆகக் கடைசியாக வைத்தது மட்டும் அதில் தொங்கும். மிச்சம் நிலத்தில் கிடக்கும். மேலே உள்ள வசனத்தில் நடந்தது அதுதான். "காரணங்கள்" என்று தொடங்கினவர் "இருக்கிறது" என்று முடித்திருக்கிறார். காரணங்கள் இருக்கிறதா?

ஆகவே தமிழில் சோதனை மிகச் சுலபம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடைசிச் சொல்லோடு கொளுவி, வாய்விட்டு வாசிக்க வேண்டும். "விழாவில் நாடகங்களையும் நாட்டார் பாடல்களையும் கேட்டு மகிழ்ந்தோம்." நாட்டார் பாடல்களைக் கேட்டு மகிழ்ந்தோம், சரி. நாடகங்களைக் கேட்டு மகிழ்ந்தோமா? வானொலியிலா? மேடையில் நடித்தவர்கள் பாவம்.

இந்தச் சோதனை எங்கட கண்டுபிடிப்பு இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இது இருக்கிறது. வேறு வேறு வினைக்கு உரிய பல பொருள்களை அடக்கிய ஒரு பொதுச்சொல் வந்தால், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையை அதற்குக் கொடுக்கக் கூடாது என்கிறது ஒரு விதி. பொருள்களைத் தனித்தனியே எண்ணி அடுக்கினாலும் அதே மரபுதான் என்கிறது அதற்கு அடுத்தது. உரையாசிரியர்கள் உணவையும் அணிகலனையும் இசைக்கருவியையும் வைத்து இதை விளக்கினார்கள். சாப்பாட்டில் தின்கிறதும் இருக்கும், குடிக்கிறதும் இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வினையைத் தேடு என்பதுதான் பாடம். எங்கட விழாக் குறிப்புக்கும் தீர்வு அதுவே. "நாடகங்களையும் பாடல்களையும் ரசித்தோம்" என்று எழுதலாம். அல்லது நாடகத்தைப் பார்த்ததையும் பாட்டைக் கேட்டதையும் தனித்தனியாகச் சொல்லலாம்.

*

இனி "மற்றும்".

இந்தச் சொல்லைத் தடைசெய்ய வேண்டும் என்று நாங்கள் ஊர்வலம் போகவில்லை. "இன்னும்", "பிற" என்ற பொருளில் அது பழைய சொல்தான். ஆங்கில வசனத்தில் கடைசிக்கு முதல் வருகிற இணைப்புச் சொல்லுக்குப் பதிலாக அதை எல்லா இடத்திலும் நட்டுவைக்கிற பழக்கம்தான் எங்களுக்குப் பிரச்சினை. அதுவும் தூய்மைவாதக் காரணத்துக்காக இல்லை. "மற்றும்" சோம்பேறித்தனத்துக்கு இடங்கொடுக்கிறது, "உம்" இடங்கொடாது.

எப்படி? "உம்" சொல்லோடு ஒட்டவேண்டிய ஒன்று. ஒட்டுகிறது என்றால், ஒட்டுப்படுகிற சொல் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். "கைத்தொலைபேசியும்" என்று ஒட்டலாம். "அசமந்தப்போக்கும்" என்று ஒட்டலாம். "வாசிப்பதில்லையும்" என்று ஒட்டுவீர்களா? "போதாமல் இருக்கிறதும்" என்று இழுத்துப் பிடித்து ஒட்டினாலும் அந்த இடத்திலேயே வசனம் பெயர்த்தொடராக மாறிவிடுகிறது. வசனத்தை முடித்துவைக்கிற வினைமுற்று இந்த ஒட்டை ஏற்றுக்கொள்ளாது. அதாவது, நீங்கள் நான்கு இடத்திலும் "உம்" போட்டு எழுத முயன்றிருந்தால், இரண்டாவது இடத்திலேயே பேனா நின்றிருக்கும். நின்றிருந்தால் யோசித்திருப்பீர்கள். "மற்றும்" எதோடும் ஒட்டாது. இரண்டு பக்கத்திலும் என்ன நிற்கிறது என்று அது பார்க்காது. பெயர், வசனம், அரை வசனம் என்று எதையும் உள்ளே விட்டுவிடும் வாசற்காவலாளி அது.

ஒவ்வொரு சொல்லிலும் "உம்" போட்டால் நீண்ட பட்டியல் இழுபடும் என்பது உண்மை. அதற்கும் மரபில் வழி இருக்கிறது. நன்னூலின் இடையியல் இதைக் கணக்காகச் சொல்கிறது: பெயர்களை எந்த இடைச்சொல்லும் இல்லாமல் வெறுமனே அடுக்கினால் கடைசியில் ஒரு தொகைச்சொல் வரவேண்டும், "உம்" போட்டு எண்ணினால் தொகை இல்லாமலும் நடக்கும். இன்றைக்கு நாங்கள் எழுதுகிற "ஆகியவை", "ஆகிய மூன்றும்", "ஆகியோர்" எல்லாம் அந்தத் தொகைச்சொல்லின் வேலையைத்தான் செய்கின்றன. "நெல், வெங்காயம், புகையிலை ஆகியவற்றைப் பயிரிட்டனர்" என்று எழுதும்போது "ஆகியவற்றை" என்பதிலுள்ள ஐ உருபு மூன்றுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. "நெல், வெங்காயம் மற்றும் புகையிலையைப் பயிரிட்டனர்" என்று எழுதினால் உருபு புகையிலைக்கு மட்டும் கிடைக்கிறது. மற்ற இரண்டும் வெளியில் நிற்கின்றன. பொருள் மாறவில்லை, வாசகர் ஊகித்துக்கொள்வார். ஆனால் இன்னும் நீளமான வசனத்தில் அந்த ஊகமும் தவறும்.

ஆக, இரண்டு வழி இருக்கிறது. ஒன்றில் ஒவ்வொன்றிலும் "உம்". அல்லது வெறும் அடுக்கு, கடைசியில் தொகை. இரண்டையும் பாதி பாதி கலக்கிறதுதான் குழப்பம்.

*

"கட்டுரைக்கு இது சரி, நடைமுறையில் என்ன நட்டம்?" என்று கேட்கிற தோழர்களுக்காக மகஜர் ஒன்றை எடுப்பம். எங்கட ஊர்களில் இளைஞர்கள் எழுதுகிற ஆக முக்கியமான எழுத்து கவிதை இல்லை, மகஜர்தான். இதுவும் நாங்கள் கட்டின மாதிரி.

1. எமது உள்வீதி நீண்டகாலமாகத் திருத்தப்படவில்லை.
2. பாடசாலை நேர பஸ் சேவை.
3. வடிகால்களைத் துப்புரவு செய்தல்.
4. அதிகாரிகள் பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும்.

தலைப்பு "எமது கோரிக்கைகள்". ஆனால் இதில் எத்தனை கோரிக்கை? முதலாவது ஒரு தகவல். "அப்படியா, கவனத்தில் எடுக்கிறம்" என்று சொல்லி வாங்கி வைக்கலாம். இரண்டாவது ஒரு தலைப்பு. புதிய பஸ் வேணுமா, இருக்கிற பஸ்ஸின் நேரத்தை மாத்த வேணுமா, நிண்டுபோன பஸ் திரும்ப வேணுமா? மூன்றாவது ஒரு வேலையின் பெயர். யார் செய்வது? மாதர் சங்கம் சிரமதானம் வைத்தாலும் அந்த வரி நிறைவேறிவிடும். நாலாவது மட்டும்தான் "வேண்டும்" என்று முடிகிறது, ஆனால் அது நிறைவேறியதா இல்லையா என்று ஒருவராலும் அளக்க ஏலாது.

நான்கையும் "யார், எதை, எப்போதைக்குள் செய்யவேண்டும்" என்ற ஒரே அச்சில் ஊற்றிப் பாருங்கோ. "பிரதேச சபை எமது உள்வீதியை மாரிக்கு முன்னர் திருத்தவேண்டும். பிரதேச சபை வீதியோர வடிகாலை மாரிக்கு முன்னர் துப்புரவு செய்யவேண்டும். போக்குவரத்துச் சபைச் சாலை, காலை ஏழு மணி பஸ்ஸை அடுத்த தவணை தொடங்கும்போது மீண்டும் ஓடவிடவேண்டும்." நாலாவது இந்த அச்சுக்குள் வராது. வராதது அதன் குறைதான். அதை எடுத்து முன்னுரைக்குள் வைக்கலாம், கோரிக்கையாக வைக்கக் கூடாது.

இதில் தற்செயலாக இன்னொன்றும் வெளிப்பட்டது. வீதிக்கும் வடிகாலுக்கும் பொறுப்பு ஒரு இடம், பஸ்ஸுக்குப் பொறுப்பு இன்னொரு இடம். பழைய மகஜரைக் கொண்டுபோய் பிரதேச சபையில் குடுத்திருந்தால், பஸ் விடயம் அந்த மேசையிலேயே செத்திருக்கும். ஒரே அச்சில் "யார்" என்ற இடத்தை ஒவ்வொரு வரியிலும் நிரப்பவேண்டி வந்தபடியால்தான் இரண்டு மகஜர் வேணும் என்று தெரிந்தது. வடிவம் கேள்வி கேட்கிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

*

இதுவரைக்கும் கதைத்தது வடிவம் குழம்பிய பட்டியல்கள் பற்றி. வடிவம் சரியாக இருந்து, உள்ளே பிழையான பட்டியல்கள் இன்னும் மோசமானவை. ஒரு உதாரணம் மட்டும்.

"விவசாயிகள், மீனவர்கள், மாணவர்கள், பெண்கள் ஆகியோர் இந்த நெருக்கடியால் பாதிக்கப்பட்டனர்."

நான்கும் பன்மைப் பெயர். கடைசியில் தொகைச்சொல். கொளுவிப் பார்த்தாலும் சரி: விவசாயிகள் பாதிக்கப்பட்டனர், பெண்கள் பாதிக்கப்பட்டனர். இலக்கணக்காரர் கையெழுத்து வைத்துக் குடுத்துவிடுவார். ஆனால் நாற்று நடுகிறவர்களில் பெண்கள் இல்லையா? கரையில் வலையில் இருந்து மீன் கழட்டுகிறவர்கள் யார்? வகுப்பறையில் இருக்கிற பெட்டையள் மாணவர்கள் இல்லையா? ஒரே வரிசையில் நிறுத்துவது என்பது "இவை ஒன்றுக்கொன்று வேறானவை, ஒரே மட்டத்தில் உள்ளவை" என்று சொல்வது. இந்த வரிசை என்ன சொல்கிறது என்றால், விவசாயி என்றால் ஆம்பிளை, மீனவர் என்றால் ஆம்பிளை, மாணவர் என்றால் ஆம்பிளை, மிச்சமாக ஒரு மூலையில் பெண்கள். எழுதினவர் அப்படி நினைத்திருக்கமாட்டார். ஆனால் வசனம் அப்படித்தான் நினைக்கிறது. முதல் மூன்றும் தொழில் அல்லது நிலை, நாலாவது பால். அளவுகோல் நடுவில் மாறிவிட்டது.

இதற்கு எதிரான ஒரு நல்ல மாதிரி எங்கட நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. (நடைமுறை எப்படி என்பது வேறு கதை, அது உங்களுக்கே தெரியும். இங்கே வசனத்தை மட்டும் பார்க்கிறோம்.) 12ஆம் உறுப்புரையின் 2ஆவது பந்தி, எந்தெந்தக் காரணங்களால் ஒரு பிரசையைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று அடுக்குகிறது: இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம். ஏழும் ஒரே வகை: ஒவ்வொன்றும் பாகுபாட்டுக்கான ஒரு காரணம். இதில் ஆக்கள் அடுக்கப்படவில்லை, காரணங்கள்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரே பெண் மொழியாலும் சாதியாலும் பாலாலும் ஒதுக்கப்படலாம் என்பதற்கு இந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது. "தமிழர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்டவர்கள்" என்று ஆக்களை அடுக்கியிருந்தால் அந்தப் பெண்ணை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று அடிபட வேண்டி வந்திருக்கும். அதோடு, இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருந்தாலும் கூடாது என்று அந்தப் பந்தி பட்டியலை மூடுகிறது. ஏழும் ஒன்றாக வந்தால்தான் பாரபட்சம் என்று ஒருவரும் வியாக்கியானம் சொல்ல ஏலாது.

ஆகவே எங்கட வசனத்தையும் இப்படி மாத்தலாம்: "விவசாயிகளும் மீனவர்களும் மாணவர்களும் பாதிக்கப்பட்டனர், இந்த மூன்று தரப்புக்குள்ளும் பெண்கள் மேலதிகமாகப் பாதிக்கப்பட்டனர்." வரிசையில் இருந்து பெண்களை வெளியே எடுத்ததும், அவர்கள் ஒவ்வொரு தரப்புக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அடுத்த வசனத்தில் "மேலதிகமாக எப்படி?" என்று எழுதவேண்டிய கடனும் வந்துவிட்டது. கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

*

எங்களுக்கு எதிராகச் சொல்லப்படுகிற இரண்டு விடயத்துக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறோம்.

முதலாவது, இது படித்தவர்களின் மேட்டிமைத்தனம், பேச்சுத்தமிழில் எழுதுகிற ஆக்களை அமத்துகிற வேலை என்பது. உண்மை தலைகீழ். வீட்டில் அம்மா சொல்வதைக் கேளுங்கோ: "கடைக்கும் போய், அரிசியையும் வாங்கி, அப்பிடியே ஆச்சியையும் பாத்திட்டு வா." ஒரு பிசகு இல்லை. மூன்று வேலையும் எச்சத்தில், மூன்றிலும் "உம்", "வா" என்ற ஒரே ஆணியில் எல்லாம் தொங்குகிறது. பள்ளிக்கூடம் போகாத ஆச்சியும் "கடைக்குப் போதல், அரிசி மற்றும் ஆச்சியைப் பார்" என்று சொல்லமாட்டா. இந்தப் பிழை பேச்சில் இருந்து வரவில்லை. படித்த ஆக்களின் அறிக்கைத் தமிழில் இருந்தும் அவசர மொழிபெயர்ப்பில் இருந்தும் எங்கட எழுத்துக்குள் வந்தது. பேச்சுத்தமிழில் எழுதுங்கோ, தாராளமாக எழுதுங்கோ. ஆனால் பேச்சில் இருக்கிற ஒழுங்கையும் சேர்த்துக் கொண்டுவாங்கோ.

இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தால் எழுத்து மேடைப்பேச்சு ஆகிவிடும் என்பது. சரிதான். "அறிவு, ஆற்றல், ஆளுமை" என்று பரிசளிப்பு விழாக்களில் முழங்குகிறார்களே, அதன் வடிவத்தில் குறை சொல்ல ஏலாது. ஓசையும் இருக்கிறது. ஆனால் நடுவில் உள்ள "ஆற்றல்" என்பதை எடுத்துவிட்டு வாசித்தால் என்ன குறைகிறது? ஒன்றும் இல்லை. மூன்றாவதாக ஒன்று வேணும் எண்டு ஓசைக்காகச் சேர்த்தது அது. ஆகவே கொளுவிப் பார்க்கிற சோதனையோடு எடுத்துப் பார்க்கிற சோதனையும் வேணும். ஒன்றை எடுத்துவிட்ட பிறகும் வாதம் அப்படியே நின்றால், அது வாதத்தில் இருக்கவில்லை.

வேண்டுமென்றே வடிவத்தை உடைக்கிற இடங்களும் உண்டு. மூன்று வசனம் ஒரே மாதிரி வந்து, நாலாவது சட்டென்று திரும்பினால் வாசகர் அங்கே நிமிர்ந்து பார்ப்பார். ஆனால் அப்படி உடைக்கிறதுக்கு முதல் மூன்றும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒழுங்கே இல்லாத இடத்தில் மீறல் என்று ஒன்று இல்லை, சிதறல்தான் இருக்கிறது. அதோடு எல்லா விடயமும் பட்டியலுக்குள் அடங்காது. வாசிகசாலை மாதிரிச் சங்கிலியாக வருகிற காரணங்களைச் சங்கிலியாகத்தான் எழுதவேண்டும். "ஆகவே", "அதனால்", "பிறகு" என்ற சொற்களை வெட்டிவிட்டுக் காற்புள்ளி போடுவது சுருக்கம் இல்லை, எது எதனால் வந்தது என்று சொல்லாமல் தப்புகிற வழி.

எழுதும்போதே இதையெல்லாம் பார்க்கத் தேவையில்லை. முதல் வரைவு எப்படியும் வரட்டும். முடித்த பிறகு, இரண்டுக்கு மேல் எதையாவது அடுக்கியிருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் கீழே கோடு போடுங்கோ. ஒவ்வொன்றையும் கடைசிச் சொல்லோடு தனித்தனியாகக் கொளுவி வாசியுங்கோ. "மற்றும்" வருகிற இடத்தில் "உம்" போட ஏலுமா என்று பாருங்கோ; ஏலாவிட்டால் ஏன் ஏலாது என்று கேளுங்கோ. பிறகு அளவுகோல் நடுவில் மாறியிருக்கிறதா என்று பாருங்கோ. ஒரு பக்கத்துக்கு பத்து நிமிசம் கூட எடுக்காது.

அந்தப் பத்து நிமிசத்தைச் செலவழிக்க விருப்பம் இல்லாதவர்கள் "கருத்துத்தான் முக்கியம்" என்று சொல்ல வேண்டாம். கருத்து இருக்கிறதா என்று அவர்கள் இன்னும் பார்க்கவில்லை.